ஒன்றரை மணி வெயில்

சென்ற வருடம் மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் மூத்த சகோதரியின் மகள் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"சாச்சி, இதப் பூசினா ஒரு கிழமைல முகம் வெளுக்குமாம். கிளாஸ்ல ரெண்டு பேர் பூசுறாங்க. நல்லதா?"

நான் அவிசாவளையில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கேட்டவள் என் வீட்டுப் பிள்ளை என்பதுதான் புதிது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதி செய்தவரின் பெயர் இல்லை, விலை இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த ஒரே ஒரு வரி, பூசிய இடத்தில் தங்க, வெள்ளி நகைகள் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அந்த வரி எனக்குப் போதும். டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டு, "ஏன் மகள், முகத்துக்கு என்ன?" என்று கேட்டேன்.

"வாப்பாட பைக்ல போய் வந்துதான் இப்படிக் கறுத்துட்டேன். இனி நான் பஸ்லதான் போவேன்."

அவளுடைய வாப்பா தினமும் யட்டியாந்தோட்டையில் தம் வேலையை இடையில் விட்டுவிட்டு, பாடசாலை விடும் நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து காத்திருப்பவர். அவர் முற்றத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். கன்ன மேடுகளிலும் மூக்கிலும் கருமை கூடியிருந்தது. நெற்றியில் ஹெல்மட்டின் ஓரம் படும் இடத்துக்கு மேலே நிறம் வெளிறியும், கீழே கறுத்தும் கோடு போட்டது போல் இருந்தது. இரு கைகளின் மேற்புறமும் அப்படியே. "சன்ஸ்கிரீன் பூசுறதில்லையா?" என்றேன். உள்ளே போய் ஒரு டியூபை எடுத்து வந்தாள். எஸ்.பி.எப். 50, நல்ல பொருள். "ஒரு வருஷமா தினமும் காலைல ஆறே கால் மணிக்குப் பூசுறேன். ஒரு பிரயோசனமும் இல்ல."

50 கிராம் டியூப். ஒரு வருடத்துக்குப் பிறகும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. விடை அந்த இரண்டு விடயங்களிலும் இருந்தது: ஆறே கால் மணி, பாதி டியூப். பொருளில் குற்றமில்லை, பூசிய நேரமும் அளவும்தான் பிழை. தினமும் பைக்கிலும் ஸ்கூட்டரிலும் வந்து போகும் மற்றப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகக் கடையில் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

நிழலைப் பார்த்து நேரம் அறிவது

முகத்தைக் கருக்க வைப்பது வெயிலின் சூடு அல்ல, அதிலுள்ள புறஊதாக் கதிர். சூடும் கதிரும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை. மழை இருட்டு இல்லாத மெல்லிய மேகத்தின் ஊடாகவும் இந்தக் கதிரில் பெரும்பகுதி வந்துவிடும். களனி கங்கைப் பக்கம் பாதி நாள் மூடியே கிடக்கும் வானத்தை நம்பி நாம் ஏமாறுவது இதனால்தான். பைக்கில் போகும்போது காற்று பட்டு வியர்வை காய்வதால் முகம் குளிர்ச்சியாகவே இருக்கும். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் எரிந்தது தெரியும்.

கதிரின் பலத்தை அறியக் கருவி தேவையில்லை, நிழல் போதும். நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருந்தால் கதிரின் பலம் குறைவு. நிழல் நம்மைவிடக் குட்டையானால் பலம் அதிகம். ஐந்தடி உயரமான ஒரு மாணவி மார்ச் மாதத்தில் காலை ஏழு மணிக்கு வீதியில் நின்றால், அவளது நிழல் இருபது அடிக்கு மேல் நீளும். அதே மாணவி ஒன்றரை மணிக்குப் பாடசாலை வாசலில் நின்றால், நிழல் இரண்டடி கூட இல்லை. சூரியன் தெற்கே தள்ளிப்போகும் டிசம்பரிலும் அந்நேரத்து நிழல் நான்கு அடிக்குள்தான். மார்ச்சில் பிற்பகல் மூன்றே கால் மணியளவில்தான் நிழல் மீண்டும் ஐந்தடியைத் தொடும்.

நமது பாடசாலைகள் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகின்றன. ஆகவே காலைப் பயணம் ஏறக்குறைய ஆபத்தில்லாதது, திரும்பும் பயணமோ நாளிலேயே மிகக் கடுமையான நேரத்தில் நடக்கிறது. என் மருமகள் ஆறே காலுக்குப் பூசியது, கதிர் இல்லாத நேரத்தில் அவள் முகத்தில் இருந்தது. இடைவேளையில் வியர்வை துடைத்து, மதியம் வுழூச் செய்து முகத்தைக் கழுவி, ஒன்றரை மணிக்கு அவள் பைக்கில் ஏறும்போது அதில் மிச்சமிருக்க நியாயமில்லை. நல்ல மழையில் மடித்து வைத்துவிட்டு, மழை விட்ட பிறகு குடையை விரிப்பதைப் போன்ற கதைதான்.

இதைச் சொன்னதும் என் சகோதரி, "அப்ப ரெண்டு தரம் பூசணுமே, எவ்வளவு செலவு?" என்றார். இரண்டு தரம் பூச வசதியிருந்தால் நல்லது. ஒரு தரத்துக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், காலைப் பூச்சை விட்டுவிட்டு ஒரு மணிக்குப் பூசுங்கள். காலை எட்டு மணிக்கு முன் வகுப்பறைக்குள் போய்விடும் பிள்ளைக்கு அதனால் பெரிய நட்டமில்லை. விளையாட்டுப் பயிற்சி உள்ள நாளிலும், முற்பகலில் வெளியே நிற்க வேண்டிய நாளிலும் மட்டும் இந்த விதி மாறும்.

எவ்வளவு, எந்த வகை

எஸ்.பி.எப். என்ற எண் பரிசோதனைக் கூடத்தில், தோலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 2 மில்லிகிராம் பூசி அளக்கப்படுகிறது. முகத்துக்கு மட்டும் கணக்கிட்டால் அது ஒரு கிராமளவில் வரும். ஆட்காட்டி விரலின் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடும், நடுவிரலில் பாதிக் கோடும் பிதுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு. கழுத்தும் வெளியே தெரிபவர்களுக்கு இரண்டு விரல் கோடு வேண்டும். பர்தா கழுத்தை மூடிவிடுவதால் நமக்கு அந்த மிச்சம் உண்டு. கைகளின் மேற்புறத்துக்கு ஒவ்வொரு கைக்கும் அரை விரல் போதும்.

பெரும்பாலானோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. பாதி அளவு பூசினால் 50 என்று எழுதியிருப்பது 25 ஆகவோ, அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். ஆனால் முறையாகப் பூசினால் எஸ்.பி.எப். 30 தோலை எரிக்கும் கதிரில் சுமார் 97 வீதத்தையும், 50 சுமார் 98 வீதத்தையும் தடுக்கிறது. இடைவெளி ஒரு வீதம்தான். ஆகவே விலை கூடிய 50ஐ மிச்சம் பிடித்துப் பூசுவதைவிட, விலை குறைந்த 30ஐ நிறையப் பூசுவது மேல்.

நீங்கள் சரியான அளவு பூசுகிறீர்களா என்று அறிய டியூபே கணக்குப் பிள்ளை. தினம் ஒரு கிராம் வீதம் மாதத்துக்கு இருபது பாடசாலை நாட்கள் என்றால், 50 கிராம் டியூப் இரண்டரை மாதத்தில் முடிய வேண்டும். காலையும் மதியமும் பூசினால் 25 நாளில் முடிய வேண்டும். ஒரு வருடமாகியும் முடியாத டியூப், பூசவில்லை என்பதற்கான சாட்சி. கடையில் விலையைப் பார்க்கும்போதும் டியூபின் விலையைப் பார்க்காமல் அதைக் கிராமால் பிரித்துப் பாருங்கள். சிறிய அழகான டியூப் பல சமயம் பெரியதைவிட விலை கூடியதாக இருக்கும்.

வகையைத் தெரிவுசெய்ய உறையில் மூன்று விடயங்களைத் தேடுங்கள். முதலாவது, எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேல். இரண்டாவது, "புரோட் ஸ்பெக்ட்ரம்" என்ற சொல், அல்லது பி.ஏ. என்ற எழுத்தோடு மூன்று நான்கு கூட்டல் குறிகள், அல்லது ஒரு வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்ற எழுத்து. எஸ்.பி.எப். எண் தோலைச் சிவந்து எரியவைக்கும் கதிரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவரின் முகத்தில் கருமையையும் திட்டுகளையும் உண்டாக்குவதில் யூ.வி.ஏ. கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கான காவல் இந்த இரண்டாவது அடையாளத்தில்தான் இருக்கிறது. மூன்றாவது, "வோட்டர் ரெசிஸ்டன்ட்" என்ற சொல். சிலவற்றில் 40 நிமிடம், 80 நிமிடம் என்றும் இருக்கும். வியர்வையில் அவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கும் என்பதே அதன் பொருள். நாள் முழுவதும் நிற்கும் என்பதல்ல.

இதற்குமேல் உள்ளது தோலின் தன்மை. எண்ணெய் வடியும், பரு வரும் முகத்துக்கு ஜெல் அல்லது தண்ணீர் போன்ற இலேசான வகை பொருந்தும். கெட்டியான கிரீம், ஹெல்மட்டுக்குள் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுக்கும். அதனாலேயே பிள்ளைகள் பூசுவதை நிறுத்திவிடுவார்கள். சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் உள்ளவை தோலுக்குச் சாதுவானவை, ஆனால் நம் நிறத்தில் சாம்பல் பூசினாற்போல் வெளிறித் தெரியலாம். அப்படியானால் தோல் நிறச் சாயம் கலந்த வகையைப் பாருங்கள். அந்தச் சாயத்திலுள்ள அயன் ஒக்சைட், கண்ணுக்குத் தெரியும் ஒளியால் வரும் கருமையையும் ஓரளவு தடுக்கும். ஏற்கெனவே முகத்தில் திட்டு விழுந்தவர்களுக்கு இது கூடுதலாக உதவும்.

வியர்வையோடு வழிந்து கண்ணில் பட்டு எரிகிறது என்பது பைக்கில் போவோரின் பொதுவான முறைப்பாடு. புருவத்துக்குக் கீழேயும் இமையிலும் பூசாமல் விடுங்கள். அந்த இடத்தை ஹெல்மட்டின் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். பொலிகாபனேட்டில் செய்த கண்ணாடி, நிறமற்றதாக இருந்தாலும் புறஊதாக் கதிரைப் பெருமளவில் தடுத்துவிடும். தூசியையும் லொறிப் புகையையும் சேர்த்துத் தடுக்கும். அதை மேலே தூக்கிவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது. கைகளுக்குப் பருத்திக் கையுறை சன்ஸ்கிரீனைவிட மலிவு, வியர்வையில் கரைவதுமில்லை. துணியால் மறைக்க முடிந்த இடத்தைத் துணியிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பூசுவதே சிக்கனம்.

ஒன்று நான் பட்டு அறிந்தது. என் ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழுள்ள பெட்டியில் ஒரு டியூபை மாதக்கணக்கில் வைத்திருந்தேன். என்ஜின் சூட்டில் அது தண்ணீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரிந்து போயிற்று. அப்படிப் பிரிந்தது, மணம் மாறியது, முடிவுத் திகதி கடந்தது எதையும் நம்ப வேண்டாம். டியூப் புத்தகப் பையில் இருக்கட்டும்.

மதியக் கழுவலும் மாலைக் கழுவலும்

என் மருமகளின் இரண்டாவது கேள்வி இது: "சாச்சி, தண்ணியில போகாத சன்ஸ்கிரீன் பூசினா வுழூவுக்குத் தண்ணி தோல்ல படுமா?" மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் நேர ஒழுங்கைச் சற்று மாற்றினால் இந்தக் கேள்வி எழாமலே போகிறது என்று காட்டினேன். ளுஹருக்கு வுழூச் செய்து, தொழுது முடித்த பிறகு, முகத்தை ஒற்றித் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். அப்போது மணி ஒன்று, ஒன்றே கால் ஆகும். ஒன்றரைக்கு ஹெல்மட் அணியும்முன் அது தோலில் படிந்து காய, வேண்டிய கால் மணித்தியாலம் கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முதலில் முகத்தைச் சுத்தமாகக் கழுவி அதை அகற்றிவிட்டு, பிறகு அஸருக்கு வுழூச் செய்யலாம். காலையிலும் பூசியிருந்தால், மதிய வுழூவுக்கு முன் ஒரு சிறு துளி பேஸ் வொஷ் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பேஸ் வொஷ்ஷின் தெரிவு வருகிறது. வியர்வையில் கரையாத சன்ஸ்கிரீன் வெறும் தண்ணீரிலும் போகாது. அதன் மேல் வீதித் தூசியும் டீசல் புகையும் தோலின் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதை அப்படியே வைத்துக்கொண்டு படுத்தால் துவாரங்கள் அடைபட்டு நெற்றியில் சிறு சிறு பருக்கள் வரும். பிள்ளைகள் "சன்ஸ்கிரீன் எனக்கு ஒத்துவரல" என்பார்கள். ஒத்துவராதது பல சமயம் சன்ஸ்கிரீன் அல்ல, அதைக் கழுவாமல் விட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தூசி போக வேண்டுமென்று குளிக்கும் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு ஐந்தை ஒட்டியிருக்கும். சாதாரண சவர்க்காரத்தின் அளவு ஒன்பது, பத்து. அது அழுக்கோடு தோலின் காவல் எண்ணெயையும் அரித்துக்கொண்டு போய்விடும். கழுவிப் பத்து நிமிடத்தில் கன்னம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால், கழுவிய பொருள் உங்களுக்குக் கடுமையானது. அப்படி இழுப்பதைத்தான் நாம் இவ்வளவு காலமும் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வோல்நட் ஓடு போன்ற மணிகள் உள்ள ஸ்கிரப்பும் வேண்டாம். கருமை அழுக்கல்ல, தேய்த்தால் போவதற்கு. தேய்த்த இடம் புண்பட்டு, ஆறும்போது இன்னும் கறுக்கும்.

வாங்க வேண்டியது, உறையில் சவர்க்காரம் இல்லாதது என்றோ, பி.எச். 5.5 என்றோ குறித்திருக்கும் வாசனை குறைந்த சாதாரண பேஸ் வொஷ். பரு அதிகம் இருந்தால் சலிசிலிக் அமிலம் 2 வீதம் வரை உள்ளதை, முதலில் கிழமைக்கு மூன்று மாலைகள் மட்டும் பாவிக்கலாம். தோல் உரியவோ எரியவோ தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

மாலையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் கையைக் கழுவுங்கள். உலர்ந்த முகத்தில் குழந்தைகளுக்குப் பூசும் இலேசான எண்ணெய் நாலைந்து துளியை ஒரு நிமிடம் மெதுவாகத் தடவுங்கள். சன்ஸ்கிரீன் எண்ணெயில்தான் இளகும். தேங்காய் எண்ணெய் பரு வரும் முகத்துக்கு உகந்ததல்ல. பிறகு ஒரு பயறளவு பேஸ் வொஷ்ஷை ஈரக் கையில் நுரைக்கச் செய்து, மூக்கோரத்தையும் மயிர் வரம்பையும் தாடை ஓரத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். அள்ளித் தெளிக்கும் தண்ணீர் தாமரை இலையில் உருள்வதுபோல் முத்து முத்தாக உருண்டால் பூச்சு இன்னும் இருக்கிறது, மீண்டும் ஒருமுறை கழுவுங்கள். தண்ணீர் பரவி நனைத்தால் போய்விட்டது. துடைத்த ஈரம் காயுமுன் ஏதாவது ஒரு சாதாரண மொய்ஸ்சரைசர். ஒரு நாளில் பேஸ் வொஷ் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மற்ற வேளைகளில் வுழூவின் தண்ணீரே போதும்.

முகத்தை எவ்வளவு கழுவினாலும், பர்தாவுக்கு உள்ளே அணியும் தொப்பியும் ஹெல்மட்டின் உட்பஞ்சும் அழுக்காக இருந்தால் நெற்றிப் பரு போகாது. உள்தொப்பியைத் தினமும் மாற்ற வேண்டும். கழற்றக்கூடிய உட்பஞ்சைக் கிழமைக்கு ஒரு தரம் சவர்க்காரத் தண்ணீரில் அலசி நிழலில் காய விடலாம். கழற்ற முடியாததை ஈரத் துணியால் துடைக்கலாம். தாடைப் பட்டியையும் மறந்துவிடக் கூடாது.

பூசக் கூடாதவை

பேச்சு முடியும் தறுவாயில் என் சகோதரி மெல்லச் சொன்னார்: "நான் தேசிக்காய்ப் புளியும் தேனும் பூசிவிட்டேன். அதுக்குப் பிறகுதான் கன்னத்துல இந்தத் திட்டு." தாயின் அன்பில் செய்தது. ஆனால் தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். அன்றே தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, சிலருக்குக் கொப்புளம் கண்டு, பின் பல மாதம் போகாத கறுப்புத் திட்டாக நிற்கும். வெயிலில் போகும் பிள்ளையின் முகத்தில் தேசிக்காய் படவே கூடாது. சமையலில் புளி பிழிந்த கையையும் கழுவிவிட்டே வெயிலில் இறங்க வேண்டும்.

பிறகு என் பையிலிருந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். நகை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் கிரீமில் பாதரசம் இருக்கக்கூடும், ஏனெனில் பாதரசம் தங்கத்தோடு கலந்து அதைக் கெடுத்துவிடும். அது தோல் நிறமூட்டியை உற்பத்தி செய்வதை மறிப்பதால் முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் தோலினூடாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. பாதரசத்தைப் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அந்த உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுப் பூச்சுகளை விலக்குகிறது. இப்படியான டப்பாக்கள் சிலவற்றில் பாதரசத்துக்குப் பதிலாகப் பலமான ஸ்டீரோயிட் மருந்து இருக்கும். அது ஒரு கிழமையில் முகத்தை மினுங்கச் செய்யும். சில மாதங்களில் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு பொங்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். வெயிலைத் தாங்கும் பலமும் குறைந்துவிடும். ஒரு கிழமையில் வெளுக்க வைப்பதே அதன் ஆபத்துக்கு அடையாளம். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் நோய் வைத்தியரிடம் போக வேண்டும்.

இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், ரூபாவில் குறித்த விலையும், முடிவுத் திகதியும் இல்லாத எதையும் முகத்துக்கு வாங்காதீர்கள். நல்ல பொருளையும் முதலில் காதுக்குப் பின்னால் மூன்று நாள் பூசிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் முகத்துக்குக் கொண்டு போங்கள்.

அன்று எழுதிக் கொடுத்த ஒழுங்கை என் மருமகள் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கினாள். பழைய டியூப் முடிவுத் திகதியை நெருங்கியிருந்ததால் அதைக் கைகளுக்கு முடித்துவிட்டு, முகத்துக்கு எஸ்.பி.எப். 30 ஜெல் ஒன்று வாங்கினோம். அது இரண்டரை மாதத்தில் முடிந்தது. "சாச்சி, டியூப் சரியா முடிஞ்சிட்டு!" என்று பரீட்சை பாஸானவள் போல் வந்து காட்டினாள். ஹெல்மட் கோடு ஆறாவது கிழமை அளவில் மங்கத் தொடங்கியது. தேசிக்காய் விட்ட திட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை, உற்றுப் பார்த்தால் தெரியும். சன்ஸ்கிரீன் யாரையும் வெள்ளையாக்குவதில்லை. வெயில் மேலே ஏற்றிய கருமை இனி ஏறாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. அவளுக்கு அல்லாஹ் தந்த நிறம் அவளுடைய கையின் உட்புறத்தில் இருக்கிறது. அதைக் காட்டி, "இதுக்கு மேல எந்த கிரீமும் உன்னை வெளுக்காது, வெளுக்கவும் தேவையில்லை" என்றேன்.

இப்போது பாடசாலை வாசலில் ஒன்றரை மணிக்கு அவள் வாப்பா காத்திருக்கிறார். அவருக்கும் கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஹெல்மட்டின் கண்ணாடியைக் கீழே இறக்காமல் அவள் பைக்கை எடுக்க விடுவதில்லையாம்.